அக்வாவின் பிரேக் பெடல்: எது இயல்பு, எது பிழை

கேள்வி: "அண்ணை, என்ட கார் 2013 டொயோட்டா அக்வா. நிப்பாட்டப் போகேக்க கடைசி நேரத்தில பிரேக் ஒரு மாதிரி இழுத்துப் பிடிக்குது. குழியில விழுந்தா ஒரு செக்கன் பிரேக் விட்ட மாதிரி. நுவரெலியாவால இறங்கேக்க வேற மாதிரி. இப்ப கொஞ்ச நாளா மஞ்சள் பிரேக் லைற்றும் ஏபிஎஸ் லைற்றும் வந்து வந்து போகுது. பொனற்றுக்குள்ள அடிக்கடி 'கர்ர்' எண்டு ஒரு சத்தம். கராஜில பாட் மாத்தச் சொல்லுறாங்கள். எல்லாம் ஒரே பிழையோ?"

பதில்:

இல்லை தம்பி. முதல் மூன்றும் இந்த வாகனத்தின் இயல்பு. விளக்கும் சத்தமும் மட்டும்தான் பிழை. அது பாட் மாற்றிப் போகிற பிழையும் அல்ல. பிரேக்குக்கு அழுத்தம் சேர்த்து வைக்கிற பகுதியில் கசிவு இருப்பதன் அடையாளம் போலத்தான் தெரிகிறது. சரியான ஸ்கானரில் பார்க்கும்வரை தூரப் பயணம் வேண்டாம், மலைநாட்டுப் பக்கம் அறவே வேண்டாம்.

எது இயல்பு, எது பிழை என்று பிரித்துப் பார்க்க ஒரு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். சாதாரண காரில் உங்கள் கால் பெடலை அழுத்த, மாஸ்டர் சிலிண்டர் வழியாக அதே அழுத்தம் குழாயில் ஓடிப் பாட்டைத் தட்டில் நெருக்கும். பூஸ்டர் அதற்குப் பலம் கூட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். அக்வாவிலும் மூன்றாம் தலைமுறை பிரியஸிலும் வழமையான ஓட்டத்தில் அந்த நேர் இணைப்பு வால்வுகளால் மூடப்பட்டிருக்கும். நீங்கள் அழுத்துவது பெரும்பாலும் 'ஸ்ட்ரோக் சிமுலேட்டர்' என்ற சிறிய சிலிண்டரையும் அதற்குள் இருக்கும் ஸ்பிரிங்கையும். அது காலுக்கு ஒரு எதிர்ப்பைக் கொடுப்பதற்காகவே வைக்கப்பட்டது. பெடல் எவ்வளவு தூரம் போனது, எவ்வளவு பலமாகப் போனது என்பதை சென்சர்கள் அளந்து பிரேக் கணினிக்குச் சொல்லும். எவ்வளவு வேகம் குறைய வேண்டும் என்று அது கணக்குப் போடும்.

கணக்குப் போட்டதும் அது நேரே பிரேக்கைப் பிடித்துவிடாது. முதலில் ஹைபிரிட் கணினியிடம், "இவ்வளவு தேவை, உன்னால் எவ்வளவு தர முடியும்?" என்று கேட்கும். மோட்டாரை ஜெனரேட்டராக ஓட்டி எவ்வளவு இழுவை தர முடிகிறது என்று பதில் வரும். மிச்சத்தை மட்டும் திரவ அழுத்தமாகச் சக்கரங்களுக்கு அனுப்பும். செக்கனுக்குள் பல தடவை இந்தப் பேச்சுவார்த்தை நடக்கிறது. இரண்டின் கூட்டுத்தொகை மாறாமல் இருந்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்று குறையும் வேகமும் மற்றது கூடும் வேகமும் சற்றே பிசகினால், அந்தப் பிசகைத்தான் நாங்கள் 'பெடல் ஒரு மாதிரி' என்று சொல்கிறோம்.

பங்கு எப்படிப் பிரிகிறது என்பதை உங்கள் காரிலேயே கணக்குப் பார்க்கலாம். ஆளோடு சேர்த்து 1,200 கிலோ என்று வையுங்கள். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும்போது மெதுவாகப் பிரேக் பிடிக்கிறீர்கள், செக்கனுக்கு 3.6 கிலோமீற்றர் வீதம் வேகம் குறைகிறது. அந்தக் கணத்தில் வாகனத்திலிருந்து எடுக்க வேண்டிய சக்தி சுமார் 20 கிலோவாட். அக்வாவின் 144 வோல்ட் பற்றரி வாங்கிக்கொள்ளக்கூடியதும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆகவே பாட் தட்டைத் தொட்டும் தொடாமலும் மோட்டாரே வேலையை முடித்துவிடும். அதே வேகத்தில் ஒரு நாய் குறுக்கே வர முழுப் பலத்தோடு அழுத்தினால் தேவை 120 கிலோவாட்டையும் தாண்டிவிடும். அதில் பெரும் பகுதி தட்டில் சூடாகப் போயே ஆக வேண்டும். மோட்டார் பிரேக் என்பது மெதுவாகப் பிடிக்கிறவருக்குக் கிடைக்கிற இலாபம். அவசரத்தில் உங்களைக் காப்பது பழைய பாட்டும் தட்டும்தான்.

இப்போது கடைசி நேர இழுப்பு. வேகம் மணிக்கு 10 கிலோமீற்றர் அளவுக்கு இறங்கும்போது மோட்டார் தன் பங்கைக் கைவிட்டு, முழுவதையும் உராய்வுப் பிரேக்கிடம் ஒப்படைக்கும். 60இல் வாகனத்தில் இருந்த இயக்கச் சக்தியில் 10இல் எஞ்சியிருப்பது 36இல் ஒரு பங்குதான். அதைப் பிடிப்பதற்காக மெனக்கெடுவதில் இலாபமில்லை. ஒப்படைக்கும் அந்த இடத்தில் பாட்டின் உராய்வு கணினி எதிர்பார்த்ததை விடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் தலை முன்னுக்கு ஒரு ஆட்டம் ஆடும், குறைவாக இருந்தால் வழுக்கிப் போவதுபோல் இருக்கும். பாட்டின் உராய்வைக் கணினி அளப்பதில்லை, தொழிற்சாலைப் பாட்டின் குணத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. அதனால் மலிவான பாட் போட்ட அக்வாக்களில் இந்த இழுப்பு அதிகமாகத் தெரியும். உங்களுடையதற்கு ஏற்கெனவே எந்தப் பாட் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

எங்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு. உராய்வுப் பிரேக்குக்கு வேலை குறைவு, கடற்காற்றுக்குக் குறைவில்லை. ஒரு மழை இரவுக்குப் பிறகு தட்டில் மெல்லிய துரு பிடித்திருக்கும். காலையில் முதல் சில பிரேக்குகள் கறகறத்து இழுத்துப் பிடித்தால், ஒழுங்கைக்குள் ஆளில்லாத இடத்தில் நாலைந்து தடவை நன்றாக அழுத்தினால் போய்விடும். போகாமல் ஒரே சக்கரம் சுடுகிறது என்றால் கலிப்பரின் சிலைட் பின் இறுகியிருக்கலாம். ஹைபிரிட் கார்களில் பாட் தேய்வதற்கு முன்னமே இந்தப் பின் இறுகிப் போவதை நிறையக் காணலாம்.

குழி விஷயம் பயமூட்டுவதுதான், ஆனால் இதற்கும் தெளிவான காரணம் இருக்கிறது. மோட்டார் பிரேக் முன் சக்கரங்களில் மட்டும்தான். குழியிலோ மண் படிந்த இடத்திலோ முன் சக்கரம் ஒரு கணம் பிடி இழந்தால், சக்கரம் பூட்டாமல் இருக்க மோட்டார் இழுவையைக் கணினி வெட்டிவிட்டு, திரவ அழுத்தத்தை ஏபிஎஸ் கட்டுப்பாட்டில் கொண்டுவரும். மின்சாரத்தை வெட்ட நேரமே எடுக்காது. திரவ அழுத்தம் ஏற அதைவிடச் சற்று நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் வாகனம் முன்னுக்குப் பாய்வதுபோல் தோன்றும். டொயோட்டாவுக்கே இது பெரிய தலையிடியாகி, 2010 பெப்ரவரியில் மூன்றாம் தலைமுறை பிரியஸையும் அதே அமைப்பைப் பாவித்த வேறு சில ஹைபிரிட்களையும் உலகம் முழுவதும் சுமார் 4,37,000 வரை திருப்பி அழைத்தது. மாற்றியது ஏபிஎஸ் மென்பொருளை மட்டும். உங்கள் அக்வா அதற்குப் பிறகு வந்தது, உணர்வு முற்றாக இல்லாமல் போகவில்லை, குறைந்திருக்கிறது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது பெடலை விடாமல் இன்னும் அழுத்துவது. விட்டுவிட்டுத் திரும்ப மிதிப்பது நிற்கும் தூரத்தைத்தான் கூட்டும்.

நுவரெலியாவுக்கு வருவோம். அங்கிருந்து ரம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் உயரம் 1,000 மீற்றருக்கு மேல் குறையும். 1,200 கிலோ வாகனம் 1,000 மீற்றர் இறங்க வெளிவரும் சக்தி மின்சாரக் கணக்கில் கிட்டத்தட்ட 3.3 யூனிட். உங்கள் பற்றரியின் மொத்தக் கொள்ளளவோ ஒரு யூனிட்டுக்கும் குறைவு. பற்றரியின் ஆயுளுக்காக அதில் பாதியைக்கூட மேலும் கீழும் ஏற்றி இறக்க விடமாட்டார்கள். காற்றும் ரயரும் ஒரு பங்கைத் தின்றாலும், பாதி வழிக்கு முன்னமே பற்றரிப் பட்டைகள் நிறைந்துவிடும். அதன் பிறகு மோட்டாருக்குச் சக்தியைப் போட இடமில்லை. கணினி எஞ்சினை வெறுமனே சுழற்றிக் கொஞ்சம் செலவழிக்கும் (இரைச்சல் திடீரென்று கூடுவது அதனால்தான்), மிச்சத்தை உராய்வுப் பிரேக்கிடம் தள்ளும். உடனே பிரேக்கின் குணம் மாறிவிட்டது போல் இருக்கும். இறக்கம் தொடங்கும்போதே கியரை B க்குப் போடுங்கள், தட்டுகள் சூடாகாமல் இருக்கும். தட்டையான வீதியில் B யில் ஓடினால் பெற்றோல்தான் வீண்.

இந்த மூன்றிலும் பொதுவாக ஒன்றைக் கவனித்தீர்களா? மூன்றிலும் உங்கள் காலுக்குக் கீழே பெடல் மாறவில்லை. அதே ஆழம், அதே இறுக்கம். மாறியது வாகனம் மெதுவாகும் விதம். உடம்பு அதை உணர்ந்து பழியைக் காலின் மேல் போடுகிறது. உண்மையிலேயே பெடல் மாறினால் அது வேறு கதை: கல் போல இறுகினால், வழமையை விட ஆழமாகப் போனால், அழுத்திப் பிடிக்கப் பிடிக்க மெல்ல இறங்கினால். என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான், பெடல் மாறியதா, கார் மாறியதா என்று. பாதிப் பேர் யோசித்துவிட்டு "கார்தான்" என்பார்கள்.

இனி உங்கள் உண்மையான பிழை. வழமையான பூஸ்டர் எஞ்சினின் வெற்றிடத்தில் வேலை செய்யும். அக்வாவில் எஞ்சின் அடிக்கடி நிற்பதால் அது சரிவராது. அதற்குப் பதிலாக ஒரு மின் பம்ப் பிரேக் திரவத்தை 'அக்கியுமுலேட்டர்' என்ற உருளைக்குள் தள்ளும். உருளைக்குள் நைதரசன் வாயு அடைத்திருக்கும், திரவம் அதை நெருக்கிக்கொண்டு 100 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் காத்திருக்கும். நீங்கள் பெடலைத் தொட்டதும் வால்வுகள் அந்த அழுத்தத்திலிருந்து தேவையான அளவை எடுத்துக் கொடுக்கும். அழுத்தம் குறைந்ததும் பம்ப் சில செக்கன் ஓடி நிரப்பும். சாரதிக் கதவைத் திறக்கும்போதே பொனற்றுக்குள் ஒரு முனகல் கேட்கிறதே, அது இந்தப் பம்ப் தயாராகும் சத்தம்.

ஆரோக்கியமான காரில் பெடலைத் தொடாமல் இருந்தால் அந்தப் பம்ப் நெடுநேரம் ஓடத் தேவையில்லை. 'அடிக்கடி கர்ர்' என்றால் சேர்த்த அழுத்தம் எங்கேயோ போகிறது. அது நிலத்தில் சொட்டாது. மாஸ்டர் சிலிண்டர் யூனிட்டுக்குள் வால்வு இருக்கைகளில் நுணுக்கமான கசிவு ஏற்பட்டு, திரவம் உள்ளேயே சுற்றி மேல் குப்பிக்குத் திரும்பிவிடும். குப்பியில் மட்டம் குறையாததால்தான் உங்கள் கராஜில் பொனற்றைத் திறந்து பார்த்தவர் பிழை ஒன்றும் காணாமல் பாட் பக்கம் போயிருக்கிறார். விளக்கு வந்து வந்து போவதும் இதனோடு பொருந்துகிறது. பம்ப் அளவுக்கு மீறி ஓடும்போது கணினி விளக்கைப் போடும், அழுத்தம் திரும்ப எட்டியதும் அடுத்த தடவை ஸ்டார்ட் செய்யும்போது விளக்கு இல்லாமல் இருக்கலாம். குறியீடு நினைவில் இருக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சமதரையில் நிறுத்தி, P இல் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, READY வரச் செய்யுங்கள். ரேடியோ, ஏசி, காற்றாடி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பெடலில் கால் வேண்டாம். பம்ப் ஓடி நின்ற பிறகு மணிக்கூட்டைப் பாருங்கள். கை வைக்காமலே அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஓடினால் உட்கசிவு என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். சில நிமிடங்கள் அமைதியாக இருந்தால் வேறு பக்கம் தேட வேண்டும்.

உறுதி செய்ய டொயோட்டாவின் சொந்தச் சோதனை மென்பொருளான டெக்ஸ்ட்ரீம் அல்லது அதன் பிரேக் கணினியோடு பேசத் தெரிந்த வேறு ஸ்கானர் தேவை. எஞ்சின் குறியீடு மட்டும் வாசிக்கும் சிறிய புளூடூத் கருவியில் பல நேரம் இது தெரியாது. நான் எதிர்பார்ப்பது C1391, அதாவது அக்கியுமுலேட்டர் அழுத்தம் அசாதாரணமாகக் கசிகிறது. அதோடு C1252 இருந்தால் பம்ப் மோட்டார் அளவுக்கு மேல் நேரம் ஓடியிருக்கிறது. C1256 வந்தால் அழுத்தம் ஏற்கெனவே வரம்புக்குக் கீழே போயிருக்கிறது, அந்தக் காரை நான் ஓட்டிக்கொண்டு வரச் சொல்ல மாட்டேன், தூக்கி வரச் சொல்வேன்.

குறியீட்டோடு நிற்காமல் அழுத்தத்தின் நேரடி அளவையும் திரையில் ஒரு கோடாகப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பாகம் கெட்டது என்பதை அந்தக் கோடே காட்டிக் கொடுக்கும். பம்ப் ஓடும்போது அழுத்தம் நன்றாக ஏறி, நின்றதும் யாரும் தொடாமலே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் யூனிட்டின் உட்கசிவு. ஏறுவதற்கே திணறினால் பம்ப் மோட்டார் களைத்துவிட்டது. கண் சிமிட்டும் நேரத்தில் ஏறி, ஒரே மிதியில் பெரும் பகுதி விழுந்தால் உருளைக்குள் நைதரசன் போய்விட்டது, நெருங்கிக் கொடுக்க உள்ளே வாயு இல்லை. இந்த மூன்றாவது வகைக்காகவே 2013 ஜூனில் டொயோட்டா 2009இல் செய்த பிரியஸ்களையும் லெக்சஸ் எச்எஸ் 250எச் காரையும் சேர்த்துச் சுமார் 2,42,000 வாகனங்களைத் திருப்பி அழைத்தது. அக்கியுமுலேட்டரில் வெடிப்பு விழுந்து வாயு திரவத்துக்குள் கலந்தது. 2010இல் மென்பொருளால் தீர்ந்தது பங்கு மாறும் உணர்வு. 2013இல் பாகத்தையே மாற்ற வேண்டியிருந்தது, ஏனென்றால் அங்கே அழுத்தமே போனது.

ஏன் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், இங்கே எல்லாவற்றுக்கும் 'ஏபிஎஸ் போயிட்டுது' என்று ஒரே வார்த்தை. பம்பும் அக்கியுமுலேட்டரும் ஒரு தொகுதி, மாஸ்டர் சிலிண்டரும் வால்வுகளும் கணினியும் இன்னொரு தொகுதி. கசிவு இரண்டாவதில் இருக்க, பஞ்சிகாவத்தையில் ஒரு பாவித்த பம்பை வாங்கி மாட்டினால் சத்தம் கொஞ்ச நாள் குறைந்த மாதிரி இருக்கும். பிறகு அந்தப் பம்பும் இடைவிடாமல் ஓடிக் களைத்துப் போகும். பாவித்த மாஸ்டர் யூனிட்டிலும் இதே ஆபத்து உண்டு. அது எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய காரிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. காசு கட்டுமென்றால் புதியதுதான் என் தெரிவு. முடியாவிட்டால், மாட்டிய அன்றே அழுத்தக் கோட்டைக் காட்டச் சொல்லி, அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஸ்கானரில் வேறு குறியீடு வந்தால் செலவு குறையலாம். C1241 என்றால் பிரேக் கணினிக்குப் போதிய மின்னழுத்தம் வரவில்லை. பின் இருக்கைக்குக் கீழே இருக்கும் 12 வோல்ட் பற்றரியை முதலில் சோதியுங்கள், அது பலவீனமானால் சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் எரியும். C1259 அல்லது C1310 என்றால் பிரேக் பகுதி நலம், மோட்டார் பிரேக்கை ஹைபிரிட் பக்கம் தர மறுக்கிறது. நிற்பதில் குறை இராது, பெற்றோல் கூடும், ஹைபிரிட் கணினியில் உள்ள குறியீட்டைத் தேட வேண்டும். மஞ்சள் அல்லாமல் சிவப்பு விளக்கு எரிந்து, கைப்பிரேக்கும் இறங்கியிருந்தால் ஒன்று திரவ மட்டம் குறைவு, அல்லது அழுத்தம் போய்விட்டது. இரண்டிலும் ஓட வேண்டாம்.

திரவத்தை நீங்களே ஊற்றி நிரப்ப வேண்டாம். அக்கியுமுலேட்டர் நிரம்பியிருக்கும்போது குப்பியில் மட்டம் தாழும், அழுத்தம் வெளியேறியதும் திரவம் திரும்பி மட்டம் உயரும். தாழ்ந்த நேரத்தில் பார்த்து நிரப்பினால் பிறகு வழிந்து பெயின்டைத் தின்னும். பாட் மாற்றும்போதும் கவனம்: கலிப்பரைக் கழற்றிய நேரத்தில் யாராவது கதவைத் திறந்தால் பம்ப் விழித்துவிடும். பெரிய பிரேக் வேலைக்கு முன் ஸ்கானர் வழியாக இந்த அமைப்பை உறங்க வைக்கும் முறை இருக்கிறது. காற்று எடுப்பதும் பழைய மாதிரி ஒருவர் மிதிக்க ஒருவர் திறக்கும் வேலையல்ல, ஸ்கானர் படிப்படியாகச் சொல்ல வால்வுகளும் பம்பும் அதன்படி இயங்க வேண்டும். யூனிட் மாற்றிய பின் லீனியர் வால்வுகளின் தொடக்க நிலையையும் கணினிக்குக் கற்பிக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் C1345 என்று விளக்கு திரும்பவும் வரும், பிரேக்கும் சமமாகப் பிடிக்காது. இந்த வேலையைச் செய்யத் தெரியுமா என்று கராஜில் முதலே கேளுங்கள்.

கராஜுக்குப் போகும் வழியில் பஸர் தொடர்ந்து அலறி பெடல் இறுகினால், இனி உங்கள் காலின் பலம் மட்டும்தான் திரவத்தை நெருக்கும் என்று அர்த்தம். பிரேக் முற்றாகப் போகவில்லை, நிற்கும் தூரம் கூடியிருக்கிறது. விட்டுவிட்டு மிதிக்க வேண்டாம், எஞ்சியிருக்கும் அழுத்தமும் ஒவ்வொரு மிதியிலும் செலவாகும். ஒரே மூச்சில், இருக்கையில் முதுகை முட்டுக்கொடுத்து, முழுப் பலத்தோடு அழுத்திப் பிடியுங்கள். கியரை B க்குத் தள்ளுங்கள். வேகம் இறங்கிய பிறகு கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரங்கட்டி, அங்கேயே விட்டுவிட்டு, தூக்கிச் செல்ல ஆளைக் கூப்பிடுங்கள்.